தீக்காப்பீட்டுக் கணக்கில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

கேள்வி இப்படி வரும்: சரக்குக்கு 6 லட்சத்துக்குத் தீக்காப்பீடு. விபத்து நாளில் கிடங்கில் இருந்த சரக்கின் மதிப்பு 8 லட்சம். 3,20,000 மதிப்புள்ள சரக்கு தீயில் சிக்கியது; அதில் எஞ்சியதை விற்றால் 40,000 கிடைக்கும். சராசரி விதி பொருந்தும், அதாவது காப்பீட்டுத் தொகை சரக்கின் மதிப்பைவிடக் குறைவாக இருந்தால் நட்டத்தில் அந்த விகிதம்தான் கிடைக்கும். இழப்பீடு எவ்வளவு?

பலர் நேராக 3,20,000-ஐ 6/8-ஆல் பெருக்கி, வரும் 2,40,000-இலிருந்து 40,000-ஐக் கழித்து 2 லட்சம் என்று முடித்துவிடுகிறார்கள். வரிசை தவறு. எஞ்சிய சரக்கின் மதிப்பை முதலிலேயே கழித்தால்தான் உண்மையான நட்டம் தெரியும்: 2,80,000. அதன் பிறகுதான் விகிதம்.

```
2,80,000 × 6,00,000 / 8,00,000 = 2,10,000
```

கீழே வர வேண்டியது விபத்து நாள் மதிப்பு. பாலிசி எடுத்த அன்று சரக்கு 6 லட்சம்தான் இருந்தது என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அதை நம்பினால் குறைகாப்பீடே இல்லாததுபோல் தோன்றி, முழு 2,80,000-ஐ எழுதிவிடுவோம். மீதி 70,000 உரிமையாளர் தாமே சுமக்கும் பங்கு. 8 லட்சத்துச் சரக்கில் கால்பகுதிக்கு அவர் பிரீமியமே கட்டவில்லை.

இதையே மாற்றிப் பாருங்கள். காப்பீட்டுத் தொகை 10 லட்சம் என்றால் 10/8-ஆல் பெருக்கி 3,50,000 எழுதுகிறவர்கள் உண்டு. ஈட்டுறுதிக் கோட்பாடு அதை அனுமதிக்காது. நட்டத்துக்கு மேல் ஒரு காசும் கிடையாது, விடை 2,80,000தான்.

இனி உரிமை மாற்றம், அதாவது இழப்பீடு கொடுத்த நிறுவனம் நட்டத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்கும் உரிமையைப் பெறுவது. முதல் கணக்கில், தீக்குக் காரணமான ஒப்பந்தக்காரரிடமிருந்து முழு 2,80,000-உம் வசூலானது என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டதால் வசூல் முழுவதும் அதற்கே என்று எழுதுவது பெரிய பிழை. தான் கொடுத்த 2,10,000 வரைதான் அது எடுக்கலாம், 70,000 உரிமையாளருக்கு. அவர் இரண்டு பக்கமும் முழுத்தொகை வாங்கிக்கொள்ளவும் முடியாது.

இத்தனையும் செய்வதற்கு முன், பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்று கேள்வியின் முதல் வரியை மறுபடி படியுங்கள். நான் மாணவர்களிடம் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். மக்கௌரா என்பவர் தம் மரங்களைத் தம் கம்பெனிக்கே விற்றார். பங்குகள் முழுவதும் அவர் வசம். ஆனால் காப்பீட்டைத் தம் சொந்தப் பெயரில் எடுத்திருந்தார். மரங்கள் எரிந்தன. 1925-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவர் கோரிக்கையை மறுத்தது: மரம் கம்பெனியின் சொத்து, பங்குதாரருக்கு அதில் காப்பீட்டு நலன், அதாவது காப்பீடு செய்யும் அளவுக்குச் சட்டப்படியான தொடர்பு, இல்லை. நம் கேள்வியிலும் சரக்கு கம்பெனியுடையது, பாலிசி பங்குதாரர் பெயரில் என்றிருந்தால், விகிதமெல்லாம் போட வேண்டியதில்லை, இழப்பீடு பூஜ்யம்.