வெளிப்புற எஸ்.எஸ்.டி.யில் கேம் ஓடுமா? கேபிளைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகன், புதிதாக வாங்கிய 1 டிபி வெளிப்புற எஸ்.எஸ்.டி.க்கு 60 ஜிபி அளவுள்ள கேம் ஒன்றை மாற்றியபோது, அது முடிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. "பழைய ஹார்ட் டிஸ்க்கே தேவலை மாமா" என்று அவன் சலித்துக்கொண்டான். டிரைவில் குறை இல்லை.

முதலில், எந்தக் கருவியில் விளையாடப் போகிறீர்கள் என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 5-க்கான கேம்களை யு.எஸ்.பி. டிரைவில் சேமித்து வைக்கலாமே தவிர, அங்கிருந்து ஓட்ட முடியாது. பிளேஸ்டேஷன் 4 கேம்கள் ஓடும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகியவற்றுக்கென மேம்படுத்தப்பட்ட கேம்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. கணினியில் இத்தகைய தடை இல்லை என்பதால், இனிச் சொல்வது கணினிக்கானது.

அடுத்து வேகத்தை அளவிடுங்கள். CrystalDiskMark என்னும் இலவச மென்பொருளில் டிரைவைத் தேர்ந்தெடுத்து All என்பதை அழுத்தினால், முதல் வரியின் Read பகுதியில் ஓர் எண் தோன்றும். அவனுடைய லேப்டாப்பில் அது வினாடிக்கு 41 எம்பி. நாற்பதை ஒட்டிய எண் வந்தால், இணைப்பு யு.எஸ்.பி. 2.0 வேகத்தில்தான் நடக்கிறது என்று பொருள். டிரைவுடன் வந்த கேபிள் குட்டையாக இருக்கிறதென்று அவன் ஃபோன் சார்ஜர் கேபிளைச் செருகியிருந்தான். இரு முனையும் டைப்-சி ஆக இருந்தாலும், சார்ஜ் செய்வதற்கென்று வரும் கேபிள்கள் பல, தரவை அந்தப் பழைய வேகத்தில்தான் கடத்துகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் எவரும் ஏமாறுவர். அதை எடுத்துவிட்டு, பெட்டியில் வந்த கேபிளைச் செருகி 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் இணைத்ததும் எண் 430 ஆனது. கேம் விளையாட இது போதும். சாட்டா வகை உள் எஸ்.எஸ்.டி.யின் வேகத்துக்கு இது அருகில் நிற்கிறது.

வேகம் சரியான பிறகு, டிரைவை NTFS முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதால், வேண்டியவற்றை முன்பே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீமில் Settings, Storage என்று சென்று டிரைவைச் சேர்த்தபின், கேமின் Properties பகுதியில் Installed Files என்பதன் கீழுள்ள Move install folder மூலம் அதை மாற்றலாம். விண்டோஸ் அந்த டிரைவுக்குத் தரும் எழுத்து மாறிவிட்டால், கேமே நிறுவப்படவில்லை என்று ஸ்டீம் காட்டும். ஆகவே விண்டோஸின் Run பெட்டியில் கீழ்க்கண்டதைத் தட்டச்சு செய்து திறந்து, G போன்ற ஓர் எழுத்தை நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

```
diskmgmt.msc
```

எஸ்.எஸ்.டி. மாற்றினால் காட்சியின் ஃபிரேம் எண்ணிக்கை உயரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது கிராஃபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் பொறுத்தது. குறைவது காத்திருக்கும் நேரம்தான். அவனுடைய கேமில் ஒரு கட்டம் திறக்க, லேப்டாப்பின் உள் எஸ்.எஸ்.டி.யில் 14 வினாடியும், சரியான கேபிளில் இணைத்த வெளி எஸ்.எஸ்.டி.யில் 17 வினாடியும் ஆயின; சார்ஜர் கேபிளில் அதே கட்டம் ஒரு நிமிடத்தைத் தாண்டியிருந்தது.