ஹெப்படைட்டிஸ் பி: 'ரத்தத்தில் வைரஸ் இல்லை' என்று வந்தபின் நடக்கும் தவறுகள்

வைரஸால் வரும் புற்றுநோய் என்றதும் கர்ப்பப்பைவாய்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஹெப்படைட்டிஸ் பி வைரஸால் கல்லீரலிலும் அது நடக்கிறது, அதுவும் சத்தமில்லாமல்.

ஓர் உதாரணம். கோலாலம்பூர் செந்தூலில் 47 வயது ஆண். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பித்தது 1989இல். இவர் அதற்கு முன் பிறந்தவர். நாலு வருஷமாக, வைரஸை அடக்கும் என்டெகாவிர் மாத்திரை சாப்பிடுகிறார். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி 26, வைரஸ் டிஎன்ஏ 'கண்டறியப்படவில்லை'. ஆனால் வைரஸின் மேலுறைப் புரதமான எச்பிஎஸ்ஏஜி மட்டும் இன்னும் பாசிட்டிவ். "எல்லாம் நார்மல்தானே, ஸ்கேன் எதற்கு?" என்று கேட்கிறார்.

முதல் தவறு இங்கேதான். அந்த டிஎன்ஏ டெஸ்ட் பார்ப்பது ரத்தத்தை, கல்லீரல் செல்லுக்குள் இருப்பதை அல்ல. வைரஸின் மரபணுத் தொகுப்பு மொத்தமே சுமார் 3,200 எழுத்து நீளம். கல்லீரல் செல்லின் டிஎன்ஏ எங்காவது அறுந்து, செல் அதை ஒட்டுப்போடும்போது, வைரஸின் துண்டு ஒன்று இடையில் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பெருகுவதற்கு வைரஸுக்கு இது தேவையே இல்லை. ஒரு விபத்து என்றே சொல்லலாம். மாத்திரை புது வைரஸ் டிஎன்ஏ உருவாவதைத் தடுக்கும், ஏற்கெனவே ஒட்டியதை வெட்டி எடுக்காது. எச்பிஎஸ்ஏஜி மறையாததற்கு ஒரு காரணமும் இதுவே: ஒட்டிய துண்டிலிருந்தே அந்தப் புரதம் தயாராகிக்கொண்டிருக்கலாம்.

பெரும்பாலான துண்டுகள் ஒன்றும் செய்வதில்லை. டெலோமரேஸ் என்ற என்சைமைத் தரும் 'டெர்ட்' மரபணுவின் சுவிட்சுக்குப் பக்கத்தில் விழுந்தால்தான் வம்பு. முதிர்ந்த செல்லில் அணைந்திருக்க வேண்டிய அந்த மரபணு விழித்துக்கொள்ளும். எத்தனை முறை பிரிந்தாலும் செல் ஓயாது. கல்லீரல் கட்டிகளில் துண்டு அடிக்கடி அகப்படும் இடமும் இதுதான். போதாக்குறைக்கு, பழுதான செல்லை நிறுத்தும் பி53 புரதத்தின் வேலையை வைரஸின் எக்ஸ் புரதம் கெடுக்கிறது.

'கல்லீரல் சுருங்கினால்தானே கேன்சர்' என்று இருந்துவிடுவது இரண்டாவது தவறு. ஹெப்படைட்டிஸ் சிக்கு அது பெரும்பாலும் சரி. அந்த வைரஸ் நம் டிஎன்ஏவில் ஒட்டுவதில்லை. பியில் சிரோசிஸ் எனப்படும் அந்தச் சுருக்கம் வராமலே கட்டி வரலாம். அதனால்தான் ஆசிய ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 வயதிலிருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் இருந்திருந்தால் இன்னும் முன்னதாகவே.

ஸ்கேனுக்குப் பதிலாக, கல்லீரல் கட்டி இருந்தால் உயரக்கூடிய ஏஎஃப்பி என்ற புரதத்தின் ரத்தப் பரிசோதனை மட்டும் போதும் என்பதும் சரியல்ல. சிறிய கட்டிகள் பலவற்றில் அது உயராது. ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்தால் உதவும்.

செந்தூல்காரர் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. அடங்கியிருந்த வைரஸ் சீறி எழுந்து, சிலருக்குக் கல்லீரலே செயலிழக்கும். மாத்திரை புற்றுநோய் அபாயத்தை நன்றாகவே குறைக்கிறது, பூஜ்யமாக்குவதில்லை. இன்னொன்று: அவருக்கு இது பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் 1989க்கு முன் பிறந்த அண்ணன், தங்கைகளும் ஒருமுறை எச்பிஎஸ்ஏஜி பார்த்துவிட வேண்டும்.