மின்சுற்றுப் பாடத்துக்குச் சிமுலேஷன் பொருந்துமா? டிபேக் வழியில் முடிவெடுக்கும் முறை

ஒரு பாடத்தை அறிந்திருப்பது வேறு, அதை மாணவருக்குப் புரியவைக்கும் வழியை அறிந்திருப்பது வேறு என்று கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதினார். புனியா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் அந்தச் சிந்தனையோடு தொழில்நுட்ப அறிவையும் இணைத்து விரித்த கட்டமைப்பே சுருக்கமாக டிபேக் எனப்படுகிறது. தொடரிணைப்பு மின்சுற்றுப் பாடத்தைக் கொண்டு அதன் பயன்பாட்டைப் பார்ப்போம்.

முதற்படியில் கணினியைத் திறக்க வேண்டாம். மாணவர் எங்கே தவறுகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இங்கு அது, 'முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் இரண்டாவது பல்புக்குக் குறைவாகவே போகிறது' என்ற நம்பிக்கை.

இரண்டாவதாக, கைவசமுள்ள கருவிகள் இந்தப் பிழையை அசைக்குமா என்று பாருங்கள். ஒரே வகைப் பல்புகள் இரண்டும்கூடச் சற்று வேறுபட்ட வெளிச்சம் தரலாம். இரண்டாவது மங்கலாக எரிந்தால் தவறான நம்பிக்கையே உறுதிப்படும். சிமுலேஷனுக்கு இடம் இருப்பது இங்கேதான்.

மூன்றாவதாக, அந்தப் பிழையை மனத்தில் வைத்து நீங்களே சிமுலேஷனை இயக்கிப் பாருங்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் போன்ற ஒன்றில் 9 வோல்ட் மின்கலத்தோடு 10 ஓம் பல்பு ஒன்றை இணைத்தால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். அதே மதிப்புள்ள இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால், பல்புகளுக்கு முன்னும் இடையிலும் பின்னும் 0.45 என்றே வரும். எலக்ட்ரான்கள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நகர்வதும் தெரியும்.

நான்காவதாக, கருவி எதை மறைக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலோர் தாவிச் செல்லும் படி இது. உண்மையான பல்பின் இழை குறைவாகச் சூடேறும்போது அதன் மின்தடையும் குறையும் என்பதால், இரண்டு பல்புகளைத் தொடரில் இணைத்தால் மின்னோட்டம் சரிபாதிக்கு மேலேயே இருக்கும். பல்பின் எந்த இரு முனைகளில் கம்பியைத் தொடவேண்டும் என்பதும் திரையில் இழுத்து ஒட்டுவதால் கைக்கு வராது. ஆகவே உண்மைப் பல்பை எரியவைத்த பிறகே சிமுலேஷனுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

கடைசியாக, சிமுலேஷனை இயக்குமுன் மாணவர் தம் ஊகத்தை எழுதட்டும். 0.45 என்ற விடை மட்டும் போதாது, ஏனெனில் மின்கலம் எப்போதும் 0.9 தருகிறது, பல்புகள் அதைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று நினைப்பவரும் பல்புக்கு 0.45 என்றே எழுதுவார். மின்கலத்தை ஒட்டிய கம்பியில் எவ்வளவு என்று கேளுங்கள். அங்கே 0.9 என்று எழுதுபவருக்குப் பழைய பிழை போய் வேறொன்று வந்திருக்கிறது. அவரையே அந்தக் கம்பியில் அம்மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.