பெரியப்பா மெசேஜ்ல அதட்டல் போன கதை

பெரியப்பாவுக்கு கண்ணு சரியில்ல, அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணுவேன். அக்காவுக்கு அவர் சொன்னது இவ்ளோதான்: "ஞாயிறு வா. லேட் பண்ணாதே." மொட்டையா இருக்கேன்னு நானே "தயவுசெஞ்சு நேரத்துக்கு வந்துடுங்க"ன்னு மாத்தி அனுப்பிட்டேன். அக்கா உடனே போன் பண்ணி, "அப்பாவுக்கு என்னடா ஆச்சு, என்னைப் போய் வாங்க போங்கன்றார்?"னு பதறிட்டா.

அப்புறம்தான் புரிஞ்சுது, அவரோட வார்த்தைய தொடவே கூடாது, சொல்லாம விட்டதத்தான் சேர்க்கணும். இப்போ அனுப்புறதுக்கு முன்னாடி "ஏன் பெரியப்பா சீக்கிரம் வரணும்?"னு கேட்பேன். "இருட்டினா அவ கிளம்பிடுவா, பேசவே நேரம் இருக்காது"ன்னார், அதையே அப்படியே போட்டேன்: "ஞாயிறு வாம்மா. லேட் பண்ணாதே, இருட்டினா கிளம்பிடுவே, பேசவே நேரம் இருக்காது." அந்த "ம்மா"கூட நேர்ல அவர் கூப்பிடுறதுதான், டைப் பண்றப்போ விட்டுப்போகுது. பூ, ஹார்ட் எமோஜி எதுவும் வைக்க மாட்டேன், அது அவர் இல்ல.

படிச்சுக் காட்டி அவர் சரின்னாதான் அனுப்புவேன். நிஜமாவே கோபத்துல சொன்னா மட்டும் எதையும் சேர்க்கிறதில்ல, அது அவங்களுக்குள்ள பேசித் தீர்க்க வேண்டியது.