குலையும் கொலையும் ஒன்றாகிறதா? உயிரொலி இணைவைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுப் பேச்சில் ‘குடை’ என்பது ‘கொடை’ போல ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். முதல் அசையில் குறில் உகரம் இருந்து, ஒற்றை மெய்யைத் தாண்டி அகரமோ ஐகாரமோ வந்தால், அந்த உகரம் ஒகரமாகிவிடுகிறது. ‘குடி’, ‘கொடி’ இரண்டும் அங்கேயும் வேறு வேறாகத்தான் நிற்கின்றன. அடுத்து வருவது இகரம் அல்லவா? ஆக, இது குறிப்பிட்ட சூழலில் மட்டும் நடக்கும் இணைவு. திருகோணமலைப் பேச்சிலும் இது நுழைகிறதா என்று பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேடும் முறை பிழைத்தால், இல்லாத இணைவு தெரியும், இருக்கும் இணைவு மறையும்.

முதல் தவறு, சொற்பட்டியலை நீட்டி வாசிக்கச் சொல்வது. ஆங்கிலம் பேசும் ஊர்களில் இது வழக்கமான சோதனை. தமிழில் எழுத்தைக் கண்டதும் நாக்கு எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடும். வீட்டில் எப்படிப் பேசுபவரும் தாளில் ‘துடை’, ‘தொடை’ என்று கண்டால் பள்ளிக்கூடத்தில் வாசித்ததுபோல் பிரித்துத்தான் வாசிப்பார். நீங்கள் அளந்தது அவருடைய எழுத்தறிவை. எனவே எழுத்தே வேண்டாம். வாழைக்குலையின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். மேசையைத் துடைத்துக் காட்டி, என்ன செய்கிறேன் என்று கேளுங்கள். தொடையைத் தொட்டுக் காட்டலாம். ‘கொலை’ வர, அண்மையில் வாசித்த செய்தி ஒன்றைச் சொல்லச் சொன்னால் போதும். ‘குடி’, ‘கொடி’ சோடியையும் கட்டாயம் சேருங்கள். அதுவும் கலந்து தெரிந்தால், பிழை பெரும்பாலும் உங்கள் அளவீட்டில்தான் இருக்கிறது.

“இரண்டும் ஒன்றா, வேறா?” என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே நம்புவதும் இதே வகைத் தவறு. அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1970களில் பென்சில்வேனியாவில் ஒரு முதியவரைப் பதிவு செய்தார். இயல்பான பேச்சில் அவர் இரண்டு உயிர்களைத் தெளிவாகப் பிரித்தார். சொற்சோடியாகக் கொடுத்தபோது இரண்டையும் ஒன்றாக ஒலித்தார். வேறு சிலர் நாவில் சிறு வேறுபாட்டைத் தொடர்ந்து காத்துக்கொண்டே, காதில் அதைப் பிரித்தறிய முடியாமல் இருப்பார்கள். ஆகவே நாக்கையும் காதையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒருவர் சொன்ன ‘குலை’, ‘கொலை’ பதிவுகளைக் கலைத்துப்போட்டு, அதே ஊர்க்காரருக்குப் போட்டுக் காட்டி, எது எது என்று கேளுங்கள். பாதிக்குப் பாதிதான் சரியாக வருகிறதென்றால், அவர் ஊகிக்கிறார் என்று பொருள்.

அப்புறம் அளவீடு. உகரத்துக்கும் ஒகரத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் முதல் ஃபார்மன்டில், அதாவது குரல்வழியின் முதல் ஒத்ததிர்வு அலைவெண்ணில் இருக்கிறது. வாய் திறக்கத் திறக்க அது உயரும். ஆண் ஒருவரின் உகரம் ஏறத்தாழ 350 ஹெர்ட்ஸிலும் ஒகரம் 450க்கு மேலும் இருக்கலாம். பெண்களுக்குக் குரல்வழியின் நீளம் குறைவு என்பதால் எல்லாமே மேலே நிற்கும். ஒரு பெண்ணின் உகரம் ஓர் ஆணின் ஒகரத்தோடு போய் ஒட்டும். எல்லோரையும் ஒரே வரைபடத்தில் கொட்டினால், யாரிடமும் இல்லாத இணைவு அங்கே பிறந்துவிடும். ஒவ்வொருவரின் அளவுகளையும் முதலில் அவரவர் சராசரியோடு ஒப்பிட்டுச் சீராக்குங்கள். பின்னுயிர்களில் முதல் இரண்டு ஃபார்மன்டுகளும் நெருங்கி நிற்பதால், ஒலியை அளக்கும் Praat மென்பொருள் சில நேரம் இரண்டையும் ஒன்றாக எடுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். சந்தேகமான எண்களை அலைநிறமாலையில் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது எண்ணிக்கை பற்றித்தான். இரண்டு ஒலிக்கூட்டங்கள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் காட்ட, இந்தியப் புள்ளியியலாளர் ஸ்ரீதரன் பிள்ளையின் பெயரால் வழங்கும் பிள்ளை அளவையை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் முழுப் பிரிவு, 0க்கு அருகில் என்றால் கலப்பு. ஆனால் ஒருவரிடம் ‘குலை’ ஐந்து தடவை, ‘கொலை’ ஐந்து தடவை மட்டும் எடுத்து இரண்டு ஃபார்மன்டுகளை அளந்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் சராசரியாக 0.22 வரும். முப்பது முப்பதாக எடுத்தால் அது 0.03க்கு இறங்கும். குறைவாகப் பதிவான இளைஞரையும் அதிகமாகப் பதிவான அம்மம்மாவையும் அப்படியே ஒப்பிட்டால், கிடைக்கும் வேறுபாடு பதிவு நேரத்தின் வேறுபாடாகவே இருக்கலாம். ஆளுக்கு ஆள் சம எண்ணிக்கையில் எடுங்கள்.

கடைசியாக, ஊர்ச் சராசரி. பத்துப் பேரில் ஐவர் முழுதாகப் பிரித்து, ஐவர் முழுதாகச் சேர்த்தால், சராசரி ‘பாதி இணைவு’ என்று சொல்லும். அப்படிப் பேசுபவர் ஒருவரும் இல்லை. நடந்துகொண்டிருக்கும் இணைவில் ஆளுக்கு ஆள் வேறுபடுவதுதான் முக்கியமான செய்தி. அதனால் ஒவ்வொருவருக்கும் தனி வரைபடம் போட்டு, அதை வயதோடும் இடத்தோடும் வைத்துப் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா முதியவர்களையும் திருகோணமலை நகர இளைஞர்களையும் ஒப்பிட்டு, வேறுபாட்டை வயதின் தலையில் கட்டக் கூடாது. கிண்ணியாவிலேயே இளையவர், முதியவர். நகரத்திலேயே இளையவர், முதியவர் என்று நான்கு குழுக்களாவது வேண்டும்.