பீட்டா ஒண்ணா இருந்தா ரிஸ்க்கும் ஒண்ணா? ரெண்டு ஃபேக்டர் ஏபிடியில தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெண்டு ஃபண்டு இருக்குன்னு வச்சுக்குங்க, ரெண்டுக்கும் மார்க்கெட் பீட்டா, அதாவது மார்க்கெட்டோட சேர்ந்து ஆடுற அளவு, கரெக்டா 1. முதல் ஃபண்டுல எதிர்பார்க்கிற ரிட்டர்ன் 10 சதவீதம், ரெண்டாவதுல 12. இதைப் பார்த்ததும் நிறைய பேரு "ரிஸ்க் ஒண்ணுதான், ரிட்டர்ன் மட்டும் 2 சதவீதம் அதிகம், அப்போ ரெண்டாவதை வாங்கி முதலாவதை ஷார்ட் பண்ணா, அதாவது கடன் வாங்கி வித்தா, ரிஸ்க்கே இல்லாத லாபம், ஆர்பிட்ரேஜ்"னு முடிவு பண்ணிடுறாங்க. கேபிடல் அசெட் ப்ரைசிங் மாடல், சுருக்கமா சிஏபிஎம், படிச்சிட்டு ஆர்பிட்ரேஜ் ப்ரைசிங் தியரி, அதாவது ஏபிடிக்கு வர்றவங்க பண்ற தவறுகள்ல எனக்குத் தெரிஞ்சு பெருசு இதுதான், மத்த தவறுகளும் பெரும்பாலும் இதுலேர்ந்துதான் கிளம்புது. அதனால இந்த ஒரு கணக்கையே நிதானமா போட்டுப் பார்ப்போம்.

முதல்ல ரெண்டு மாடலும் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா. சிஏபிஎம் 1960கள்ல ஷார்ப், லின்ட்னர், மொசின் இவங்க தனித்தனியா கொண்டு வந்தது, ஒரு சொத்துக்கு கிடைக்க வேண்டிய கூடுதல் ரிட்டர்னை மார்க்கெட்டோட அது எவ்வளவு சேர்ந்து ஆடுதுங்கற ஒரே நம்பர்தான் தீர்மானிக்கும்னு சொல்லுது. ஏபிடியை ஸ்டீஃபன் ராஸ் 1976ல எழுதினாரு, அதுல மார்க்கெட் போர்ட்ஃபோலியோன்னு ஒண்ணு கட்டாயம் கிடையாது, ரிட்டர்னை ஆட்டிவைக்கிற பொதுவான ஃபேக்டர்கள் சில இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை இருக்கு, அவ்வளவுதான்.

```
CAPM:  E(R) = Rf + β × [E(Rm) − Rf]
APT:   E(R) = Rf + b1×λ1 + b2×λ2
```

இங்க Rf ரிஸ்க் இல்லாத வட்டி, Rm மார்க்கெட் ரிட்டர்ன், b1, b2 ஒரு சொத்து அந்தந்த ஃபேக்டரோட எவ்வளவு ஆடுதுங்கறது, λ1, λ2 அந்த ஃபேக்டர்களோட விலை, அதாவது பிரீமியம். நம்ம கேஸ்ல Rf 5 சதவீதம். முதல் ஃபேக்டர் பொருளாதார வளர்ச்சியில வர்ற எதிர்பாராத மாற்றம், ரெண்டாவது பணவீக்கத்துல வர்ற எதிர்பாராத மாற்றம். λ1 = +4, λ2 = −4. இங்க மைனஸைப் பார்த்ததும் ஏதோ தப்புன்னு நினைச்சு அதை ப்ளஸ்ஸா மாத்திடுறவங்க இருக்காங்க, மாத்தாதீங்க. பணவீக்கம் திடீர்னு ஏறும்போது லாபம் தர்ற சொத்து கையில இருந்தா அது ஒரு பாதுகாப்பு மாதிரி, அதுக்காக கொஞ்சம் குறைஞ்ச ரிட்டர்னுக்கும் ஆளுங்க ஒத்துக்குவாங்க, அதனாலதான் அந்த பிரீமியம் மைனஸ்ல வருது. பணவீக்கம் ஏறினா அடிவாங்குற சொத்துக்கு b2 மைனஸ், மைனஸும் மைனஸும் பெருகி ப்ளஸ்ஸாகி அந்த ரிஸ்க்குக்கான கூலி கிடைச்சிடும்.

முதல் ஃபண்டுக்கு b1 = 1.25, b2 = 0. ரெண்டாவதுக்கு b1 = 0.75, b2 = −1. மார்க்கெட்டுக்கு b1 = 1, b2 = −0.5. மூணும் நல்லா டைவர்ஸிஃபை ஆனது, ரெண்டு ஃபேக்டரும் ஒரே அளவு ஆடும், ஒண்ணுக்கொண்ணு தொடர்பு இல்லைன்னு வச்சுக்குவோம்.

```
Fund 1:  5 + 1.25×4 + 0×(−4)    = 10
Fund 2:  5 + 0.75×4 + (−1)×(−4) = 12
Market:  5 + 1×4 + (−0.5)×(−4)  = 11
```

இப்போ மார்க்கெட் பீட்டா. ஃபேக்டர்களோட வேரியன்ஸ் சமம்ங்கறதால கணக்கு சுலபம், ஃபண்டோட b1ஐ 1ஆலயும் b2வை −0.5ஆலயும் பெருக்கிக் கூட்டி, 1.25ஆல வகுக்கணும் (1 + 0.25 = 1.25, மார்க்கெட்டோட வேரியன்ஸ் அது). முதல் ஃபண்டு 1.25/1.25 = 1. ரெண்டாவது (0.75 + 0.5)/1.25, அதுவும் 1. மார்க்கெட் பிரீமியம் 11 − 5 = 6, அதனால சிஏபிஎம் ரெண்டுக்குமே 11 சதவீதம்னு ஒரே பதில் சொல்லும், ஏபிடி 10ன்னும் 12ன்னும் பிரிச்சு சொல்லும். ரெண்டையும் பாதிப்பாதி கலந்தீங்கன்னா b1 = 1, b2 = −0.5, அதாவது மார்க்கெட்டேதான், ரிட்டர்னும் 11, அங்க மட்டும் ரெண்டு மாடலும் ஒத்துப்போகுது.

சரி, அந்த "ஆர்பிட்ரேஜ்" போட்டவர் கையில என்ன இருக்கு? ரெண்டாவது ஃபண்டு 100 ரூபாய்க்கு லாங், முதல் ஃபண்டு 100 ரூபாய்க்கு ஷார்ட். சொந்தக் காசு பூஜ்யம், மார்க்கெட் பீட்டா பூஜ்யம். ஆனா b1 = 0.75 − 1.25 = −0.5, b2 = −1. ரெண்டு ஃபேக்டர்லயும் அவர் வெளிப்படையா மாட்டிட்டு நிக்கிறாரு. பணவீக்கம் எதிர்பார்த்ததை விட 3 பாயின்ட் கூட வந்துச்சுன்னா 2 ரூபா லாபத்துக்குப் பதிலா 2 − 3 = ஒரு ரூபா நஷ்டம், அதே சமயம் வளர்ச்சியும் 1 பாயின்ட் கூட வந்தா இன்னொரு அரை ரூபா போகும். அந்த 2 ரூபா எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க: −0.5×4 + (−1)×(−4) = 2. முழுக்க முழுக்க ரிஸ்க்குக்கான கூலி, ஓசியா ஒரு பைசா இல்லை. நீங்க ஆர்பிட்ரேஜ்னு சொல்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நெட் பீட்டாவை இல்லை, நெட் b1, நெட் b2 ரெண்டையும் தனித்தனியா, ரெண்டும் பூஜ்யமா இருக்கணும்.

இதைப் பார்த்துட்டு அடுத்த பக்கம் போய் "அப்போ ஏபிடியும் சிஏபிஎம்மும் எதிர் எதிர், ஒண்ணு சரின்னா இன்னொண்ணு தப்பு"ன்னு சொல்றதும் தவறுதான். ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்கலாம். வளர்ச்சி ஃபேக்டருக்கு மார்க்கெட்டோட இருக்கிற பீட்டா 1/1.25 = 0.8, பணவீக்க ஃபேக்டருக்கு −0.5/1.25 = −0.4. இதை மார்க்கெட் பிரீமியம் 6ஆல பெருக்கினா 4.8ம் −2.4ம் வரும். λக்கள் 4, −4ஆ இல்லாம இந்த நம்பர்களா இருந்திருந்தா முதல் ஃபண்டு 5 + 1.25×4.8 = 11, ரெண்டாவது 5 + 0.75×4.8 + 2.4 = 11, சிஏபிஎம் சொன்ன அதே பதில். அதாவது சிஏபிஎம் ஃபேக்டர்களே இல்லைன்னு சொல்லலை, ஃபேக்டர்களோட விலை மார்க்கெட் பீட்டாவுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கணும்னு ஒரு கூடுதல் நிபந்தனை போடுது, ஏபிடி அந்த நிபந்தனையை எடுத்துடுது. எனக்கு இந்த ரெண்டு மாடலுக்கும் உள்ள உறவைப் புரிய வைக்க இதைவிட தெளிவான வழி தெரியலை, பரீட்சைக்கு படிக்கிறவங்க இந்த 4.8, −2.4ஐ ஒரு தடவை கையாலயே போட்டுப் பாருங்க.

அடுத்தது Fஐயும் λவையும் குழப்பிக்கிறது. மேல இருக்கிற ஃபார்முலா எதிர்பார்க்கிற ரிட்டர்னுக்கு. நிஜமா நடந்த ரிட்டர்னுக்கு வேற ஃபார்முலா:

```
R = E(R) + b1×F1 + b2×F2 + e
```

இங்க F1, F2ங்கறது சர்ப்ரைஸ் மட்டும்தான், சராசரி பூஜ்யம். e அந்தச் சொத்தோட சொந்த ஆட்டம். வளர்ச்சி 7 சதவீதம்னு எல்லாரும் எதிர்பார்த்து 7ஏ வந்துச்சுன்னா F1 பூஜ்யம், 7 இல்லை. 5 வந்தா F1 = −2, முதல் ஃபண்டோட ரிட்டர்ன் 10 + 1.25×(−2) = 7.5. அறிவிச்ச 5ஐ அப்படியே தூக்கிப் போட்டு 10 + 6.25ன்னு எழுதுறவங்களைப் பார்த்திருக்கேன், எதிர்பார்த்த வளர்ச்சி ஏற்கனவே அந்த 10க்குள்ள இருக்கு, அதை மறுபடியும் கூட்டக் கூடாது.

b1, b2வை எங்கேர்ந்து எடுக்குறீங்கங்கறதும் முக்கியம். பாதிப் பேரு ரிட்டர்னை வளர்ச்சியோட தனியா ஒரு ரிக்ரஷன், பணவீக்கத்தோட தனியா ஒரு ரிக்ரஷன் ஓட்டி ரெண்டு சரிவையும் ஃபார்முலாவுல போட்டுடுறாங்க. ஃபேக்டர்களுக்குள்ள தொடர்பே இல்லைன்னா பரவாயில்லை, ஆனா நிஜத்துல அப்படி அமையறது அபூர்வம். ரெண்டுக்கும் இடையில கோரிலேஷன் 0.4னு வைங்க, வேரியன்ஸ் சமம், λக்கள் அதேதான். முதல் ஃபண்டுக்கு உண்மையான b2 பூஜ்யம், ஆனா தனியா ஓட்டுற ரிக்ரஷன்ல 1.25×0.4 = 0.5ன்னு வரும், ஏன்னா வளர்ச்சியோட வேலையை பணவீக்கம் தன் பேர்ல எழுதிக்குது. வளர்ச்சி சரிவு 1.25ஆவே வரும், அதனால போட்டா 5 + 5 − 2 = 8, உண்மை 10. ரெண்டு ஃபேக்டரையும் ஒரே ரிக்ரஷன்ல சேர்த்துப் போடுங்க, தனியா ஓட்டின சரிவும் சேர்த்து ஓட்டின சரிவும் ரொம்ப வித்தியாசப்பட்டா இந்த சிக்கல் இருக்குன்னு அர்த்தம். சிஏபிஎம் பீட்டாவை எடுத்து b1 இடத்துல சொருகறதும் தப்பு, அது ரெண்டு ஃபேக்டரும் கலந்த மார்க்கெட்டோட சேர்த்து எடுத்த சரிவு, மேல பார்த்தோமே, முதல் ஃபண்டுக்கு பீட்டா 1, b1 1.25.

எந்த ஃபேக்டர்னு ஏபிடி சொல்லாதுங்கறதை மட்டும் ஒரு வரியில சொல்லிடுறேன்: 1986ல சென், ரோல், ராஸ் தொழில்துறை உற்பத்தி, பணவீக்கம், வட்டி விகித வித்தியாசம் மாதிரி சிலதை எடுத்துப் பார்த்தாங்க, அது அவங்க தேர்வு, தியரி கொடுத்த பட்டியல் இல்லை.

கடைசியா நிஜ ஆர்பிட்ரேஜ். மூணாவது ஃபண்டு ஒண்ணு, b1 = 1, b2 = −0.5, எதிர்பார்க்கிற ரிட்டர்ன் 12.5. அதே b1, b2வை முதல் ரெண்டு ஃபண்டையும் பாதிப்பாதி கலந்து உருவாக்கலாம், அதுக்கு 11தான். மூணாவதை 100க்கு லாங், மத்த ரெண்டையும் 50, 50 ஷார்ட் பண்ணா நெட் b1 பூஜ்யம், நெட் b2 பூஜ்யம், 1.5 ரூபா மிச்சம். இது சரிதான், ஆனா e பூஜ்யமா இருந்தா மட்டும். இதையே மூணு தனி பங்குகளை வச்சு பண்றவங்க அந்த eயை மறந்துடுறாங்க. ஒரு பங்கோட சொந்த ஆட்டம் 30 சதவீதம்னா, தொடர்பில்லாத 100 பங்கை சம அளவுல போட்ட ஃபண்டுக்கே 3 சதவீதம் மிச்சம் இருக்கும். மூணு ஃபண்டும் அப்படி இருந்து அந்த மிச்சங்களும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாம இருந்தா இந்த ட்ரேடோட மொத்த ஆட்டம் சுமார் 3.7 ரூபா, எதிர்பார்க்கிற லாபம் 1.5. நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன் எடுத்துக்கிட்டா கிட்டத்தட்ட மூணுல ஒரு வாய்ப்பு நஷ்டத்துக்கு. தனி பங்குகளை வச்சா அந்த 3.7 பத்து மடங்காகி 37க்கு போயிடும், லாபம் அதே 1.5தான். ஏபிடியோட விலைச் சமன்பாடு ஒவ்வொரு தனி பங்குக்கும் துல்லியமா பொருந்தணும்னு ராஸோட வாதம் உறுதி கொடுக்கலை, நல்லா பரவின போர்ட்ஃபோலியோவுக்குத்தான் அது இறுக்கமா நிக்கும், ஒண்ணு ரெண்டு பங்கு அந்தச் சமன்பாட்டுலேர்ந்து விலகி இருந்தாலும் அதைச் சுரண்டி ரிஸ்க் இல்லாம காசு பார்க்க வழி கிடையாது.