குவாண்டல் அளவை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் நரம்பியல் படிக்கும் மாணவர்களின் பயிற்சிக் குறிப்பேடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது, பூஜ்ஜியத்தைக் கணக்கிலிருந்து தூக்கிவிடும் தவறு.

தவளையின் நரம்பு-தசைச் சந்திப்பில் கால்சியத்தைக் குறைத்து மெக்னீசியத்தைக் கூட்டினால், நரம்பைத் தூண்டும்போது, வேதித்தூதை அடைத்து வைத்திருக்கும் நுண்பைகளில் சில முறை ஒன்று திறக்கும், சில முறை இரண்டு திறக்கும், பல முறை எதுவுமே திறக்காது. தானாக எழும் சின்ன அலைகளான 'மினி'கள் ஒவ்வொன்றும் ஒரு நுண்பையின் விளைவு. அவற்றின் சராசரி உயரம்தான் குவாண்டல் அளவு, அதாவது q. ஒரு தூண்டலுக்குச் சராசரியாக எத்தனை நுண்பை திறக்கிறது என்பது m. 1954-இல் டெல் காஸ்டில்லோவும் காட்ஸும் காட்டிய வழி இது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தூண்டல் 200, பதிலே வராதவை 74, மினியின் சராசரி 0.5 மில்லிவோல்ட், தோல்விகளையும் சேர்த்த பதிலின் சராசரியும் 0.5 மில்லிவோல்ட்.

```
m = 0.5 / 0.5 = 1.0
m = ln(200/74) ≈ 0.99
```

முதல் வரி பதிலின் சராசரியை மினியின் சராசரியால் வகுக்கிறது; இரண்டாவது தோல்விக் கணக்கு, மொத்தத் தூண்டலைத் தோல்விகளால் வகுத்து மடக்கை எடுக்கிறது. இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன. பதில் வந்த 126-ஐ மட்டும் சராசரி எடுத்தால் 0.79 மில்லிவோல்ட் வரும், m 1.6 ஆகிவிடும். அந்த 74 பூஜ்ஜியங்களும் அளவீடுகள்தான்.

அடுத்தது, மினிகளைப் பொறுக்கும் வரம்பு. ஏசியோ விளக்கோ கிளப்பும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்குப் பயந்து வரம்பை உயர்த்தினால் சின்ன மினிகள் தப்பிவிடும், சராசரி 0.7-க்கு ஏறும், m 0.71-க்கு இறங்கும். தோல்விக் கணக்கு மட்டும் 0.99 என்றே நிற்கும். இந்த முரண்தான் எச்சரிக்கை. மினிகளின் உயர வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். இடது ஓரம் கத்தியால் வெட்டியது போல நின்றால் வரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்புறம், பதிவின் நடுவில் ஏசியை நிறுத்தாதீர்கள்: சென்னை வெயிலில் அறை சூடானால் மினிகள் அடிக்கடி வரும், அதைக் கால்சியத்தின் வேலை என்று எழுதிவிடுவோம்.

சரி, கால்சியம் எதை மாற்றுகிறது? m-ஐ. இந்தத் தாழ்ந்த அளவுகளில் வெளியே உள்ள கால்சியம் இரட்டிப்பானால் வெளியீடு கிட்டத்தட்ட 16 மடங்காகும். q அப்படியே இருக்கும். கால்சியம் நேராக ஸ்னேர் புரதங்களைத் தட்டுகிறது என்று எழுதுவதும் பிழை. அதை உணர்வது சினாப்டோடாக்மின் என்ற புரதம். நுண்பையின் சினாப்டோபிரெவின், நரம்பு முனைச் சவ்வின் சின்டாக்சின், ஸ்னாப்-25 ஆகிய ஸ்னேர் புரதங்கள் முறுக்கிக்கொண்டு இரு சவ்வுகளையும் இழுத்துச் சேர்க்கின்றன. போட்டுலினம் ஏ நச்சு ஸ்னாப்-25-ஐ வெட்டும்போது m சரிகிறது, மினிகளும் அரிதாகின்றன.

அதனால் q குறைந்தால் உடனே ஸ்னேரைக் குறை சொல்ல வேண்டாம். க்யூராரே என்ற நஞ்சு தசைப்பக்க ஏற்பிகளை அடைத்தாலும் மினி சிறுத்துவிடும், நுண்பைக்கு எதுவும் ஆகியிருக்காது.